இறுதிப் பருவ மாணவர் ஆலைப் பொறியாளருக்கு எழுதும் பயிற்சிக் கடிதம்: ஜெர்மனியில் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் தானியங்கித் தொழில்நுட்பத்தில் முதுகலை இறுதி ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டைத் தொடங்கும் முன் ஆறு வாரம் ஓர் ஆலையில் பயிற்சி பெற விரும்புகிறேன். கல்லூரியில் நடந்த நிறுவனச் சந்திப்பில் ஒரு குளிர்பான ஆலையின் பொறியாளரிடம் பேசியபோது, கடிதம் எழுதி அனுப்பும்படி சொன்னார். ஜெர்மன் மொழியில் எழுதுவதற்கு முன் தமிழில் எழுதிப் பார்த்தேன். அதன் நடுப்பகுதி இது:

"தானியங்கித் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. பி.எல்.சி., எச்.எம்.ஐ., ஸ்காடா, ரோபோ ஆகியவற்றைக் கற்றிருக்கிறேன். தங்கள் ஆலையில் நடக்கும் தானியங்கித் திட்டங்களில் பங்கேற்க வாய்ப்பளித்தால் கடுமையாக உழைப்பேன்."

இதில் எதைத் திருத்த வேண்டும் என்று மூத்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்பலகை:
தம்பி, பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொட்டலமிடும் இயந்திரங்களை ஆலைகளில் நிறுவி இயக்கத்துக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். இத்தகைய கடிதங்கள் எங்கள் பிரிவுக்கும் வருவதுண்டு. உங்கள் பத்தியைப் படிக்கும் பொறியாளருக்கு இரண்டு கேள்விகள் எழும், இரண்டுக்கும் அதில் விடை இல்லை. ஒரு கோளாறு வந்தால் இவர் அதை எப்படித் தேடுவார் என்பது முதல் கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் தொடாமல் ஆறு வாரத்தில் இவருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பது இரண்டாவது.

பயிற்சி மாணவரை ஓடும் உற்பத்தி வரிசையின் நிரலில் மாற்றம் செய்ய எந்தப் பொறியாளரும் விடமாட்டார். வரிசை நின்றாலும், யாருக்காவது கை மாட்டினாலும், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே "திட்டங்களில் பங்கேற்க" என்று பொதுவாகக் கேட்டால், உங்களுக்கான வேலையை அவரே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு அவருக்கு நேரம் கிடைக்காது. ஆனால் பெரும்பாலான ஆலைகளில் யாரும் கை வைக்காமல் தேங்கிக் கிடக்கும் வேலைகள் உண்டு. எச்சரிக்கைச் செய்திகளின் பதிவை எடுத்து, எந்தச் செய்தி ஒரே ஷிப்டில் திரும்பத் திரும்ப வருகிறது, எதை இயந்திரத்தை இயக்குபவர்கள் படிக்காமலே அழுத்தி மூடுகிறார்கள் என்று பிரித்துத் தருவது ஒன்று. உள்ளீடு, வெளியீட்டுப் பட்டியலை மின்பெட்டியில் உண்மையில் உள்ள இணைப்புகளோடு ஒப்பிட்டுத் திருத்துவது இன்னொன்று. பழைய வரிசைகளில் வரைபடம் ஒன்றாகவும் வயரிங் வேறாகவும் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இவற்றுள் ஒன்றை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆய்வகத்தில் நீங்களே கண்டுபிடித்துத் தீர்த்த கோளாறு ஏதாவது உண்டா?

நதிக்கரை:
கடிதத்தைவிட முக்கியமானது விசா. மாணவர்கள் ஆண்டுக்கு 120 முழு நாட்கள்தான் வேலை செய்யலாம். பயிற்சியும், சம்பளம் இல்லாவிட்டாலும், அந்தக் கணக்கில் சேரும். எனவே பகுதிநேர வேலை செய்பவர் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மின்பலகை:
நதிக்கரை சொல்வதில் பாதி சரி. 2024 மார்ச் முதல் வரம்பு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். விருப்பப் பயிற்சி, ஊதியம் இல்லாவிட்டாலும், அதில் கழியும். பாடத்திட்ட விதிமுறையிலேயே கட்டாயம் என்று எழுதப்பட்ட பயிற்சி கழியாது. புதுவரவு, உங்கள் பயிற்சி எந்த வகை?

புதுவரவு:
முதுகலையில் கட்டாயம் இல்லை, அண்ணா. விருப்பப் பயிற்சிதான். கடையில் மாலை வேலையாக இந்த ஆண்டு 90 அரை நாட்கள் செய்துவிட்டேன்.

மின்பலகை:
அது 45 முழு நாட்கள். ஆறு வாரம் முழுநேரம் என்றால் இன்னும் 30 நாட்கள். மொத்தம் 75, வரம்புக்குள் தாராளமாக இருக்கிறது. படிப்போடு சேர்ந்த விருப்பப் பயிற்சி மூன்று மாதத்துக்குள் இருந்தால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. அதைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே பொருந்தும். பணியாளர் பிரிவு முதலில் கேட்பது இதைத்தான் என்பதால், "விருப்பப் பயிற்சி, ஆறு வாரம்" என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

தென்மலை:
நான் படிப்பை முடித்து 18 மாத வேலைதேடும் அனுமதியில் இருந்தபோது எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே கோப்பாக இணைத்து அனுப்பினேன், அதன் பிறகுதான் வேலை கிடைத்தது. நீங்களும் சம்பள எதிர்பார்ப்பைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

புதுவரவு:
நன்றி ஐயா. நான் கேட்பது வேலை அல்ல, படிப்புக்கு இடையே குறுகிய காலப் பயிற்சி மட்டுமே. மின்பலகை அண்ணா கேட்டபடி நடுப்பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, கல்லூரிச் சந்திப்பில் தாங்கள் கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். எங்கள் ஆய்வகக் கன்வேயரில் எஸ்7-1200 கட்டுப்படுத்தி அட்டைப்பெட்டிகளை எண்ணுகிறது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறை சுற்றிய பெட்டிகள் மட்டும் சில நேரம் இரண்டாக எண்ணப்பட்டன. டி.ஐ.ஏ. போர்ட்டலின் டிரேஸ் வசதியில் உள்ளீட்டைப் பதிவு செய்தபோது, பெட்டி எதிரே இருக்கும்போதே சிக்னல் 20 முதல் 40 மில்லிவினாடி வரை அறுபட்டது தெரிந்தது. உள்ளீட்டு வடிகட்டியின் இயல்பு மதிப்பு 6.4 மில்லிவினாடி என்பதால் அது இதைத் தடுக்கவில்லை. 100 மில்லிவினாடி அணைப்புத் தாமதம் சேர்த்தபின் எண்ணிக்கை சரியானது. பெல்ட் வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, பெட்டிகளுக்கிடையே 120 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு; அதாவது 400 மில்லிவினாடி கிடைப்பதால் இந்தத் தாமதம் இரண்டு பெட்டிகளை ஒன்றாக்குவதில்லை.

தங்கள் ஆலையில் ஒரு வரிசையின் எச்சரிக்கைப் பதிவை ஆராய்ந்து, அடிக்கடி திரும்பும் செய்திகளைக் காரணத்தோடு வகைப்படுத்தித் தர ஆறு வாரம் அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். இது விருப்பப் பயிற்சி. நிரலில் எந்த மாற்றமும் செய்யமாட்டேன். பதிவுக் கோப்புகள் ஆலையின் கணினியை விட்டு வெளியே போகா."

மின்பலகை:
இதைப் படித்தால் நான் உங்களைத் தொலைபேசியில் அழைத்திருப்பேன். ஆனால் பெட்டியைக் கண்டறியும் உணரியைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். எதிரே பிரதிபலிப்பான் வைத்த ஒளி உணரியாக இருந்தால், பளபளக்கும் உறையே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், பெட்டி இல்லை என்று உணரி நம்பிவிடும். துருவமுனைப்பு வடிகட்டி உள்ள உணரி அந்த ஒளியைப் பெரும்பாலும் ஏற்காது. அங்கே தீர்க்க வேண்டியதை நீங்கள் நிரலில் தீர்த்திருக்கிறீர்கள். உங்கள் தாமதத்துக்கும் எல்லை உண்டு: அதே இடைவெளியில் பெல்ட் வினாடிக்கு 1.2 மீட்டர் ஓடினால் இரண்டு பெட்டிகளுக்கிடையே 100 மில்லிவினாடிதான் கிடைக்கும், இரண்டும் ஒன்றாக எண்ணப்படக்கூடும்.

புதுவரவு:
உணரி பிரதிபலிப்பான் வகைதான். வடிகட்டி உள்ளதா என்று தெரியவில்லை, மாதிரி எண்ணை நாளை பார்க்கிறேன். தாமதத்தின் எல்லையையும், உணரியை மாற்றிச் சோதிக்கவில்லை என்பதையும் கடிதத்தில் சேர்த்தால் என் வேலையின் குறையை நானே காட்டியதாகாதா?

மின்பலகை:
ஒரு வாக்கியத்தில் சேருங்கள். எங்கள் வேலையில் தன் தீர்வு எந்த வேகம் வரை செல்லும் என்று தெரிந்தவரைத்தான் நம்பி இயந்திரத்தருகே நிறுத்த முடியும்.

நதிக்கரை:
140 நாள் பற்றிய திருத்தத்துக்கு நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: பெரிய ஆலைகளில் விண்ணப்பத்தை இணையதளம் வழியாகத்தான் ஏற்பார்கள். பொறியாளருக்கு நேரடியாக அனுப்பினால் பணியாளர் பிரிவு வருத்தப்படாதா?

மின்பலகை:
என் நிறுவனத்தில் பொறியாளர் சரி என்று சொன்னபின் இணையதளத்திலும் பதியச் சொல்வோம். வேறு இடங்களில் முதலில் பதிந்த எண்ணைக் கேட்பவர்களும் உண்டு. அந்தப் பொறியாளர் கடிதத்தை நேரில் கேட்டிருப்பதால் அவருக்கே அனுப்புங்கள். எங்கே பதிய வேண்டும் என்பதையும், விருப்பமான தொடக்க நாளையும் கடைசி வரியில் கேட்டுவிடுங்கள்.

புதுவரவு:
அப்படியே செய்கிறேன். உணரியின் மாதிரி எண் கிடைத்ததும் அந்த வாக்கியத்தை எழுதி, ஜெர்மன் வடிவத்தையும் இங்கே இடுகிறேன்.