ஊர் திரும்பும்போது போடும் ஏர்போர்ட் போட்டோ, அதற்குக் கீழே எழுதிய வரி: உங்கள் அனுபவம்

ஓமலூர் அக்கா:
வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வெல்டர். போன ஆனியில் கோயம்புத்தூரில் இறங்கினதும் டிராலியோடு போட்டோ எடுத்து, "25 நாள் மட்டும், வந்துட்டேன் ஊரே" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார். கார் சங்ககிரி தாண்டுவதற்குள் அதைச் சொந்தக்காரர் ஒருத்தர் அத்தைக்குப் படித்துக் காட்டியாயிற்று. வாசலில் இறங்கின மகனைப் பார்த்து அத்தை கேட்டது, "அப்ப ஆடிப் பதினெட்டுக்கு இருக்க மாட்டியா சாமி?" அவர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். நாள் கணக்கை அந்த வரியில் எழுதாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

ஏற்காடு அண்ணன்:
நாள் கணக்கை விடுங்கள் அக்கா, கையில் இருக்கும் போர்டிங் பாஸ்தான் பெரிய வினை. என் சித்தப்பா பையன் "வீட்டுக்குப் போறேன்" என்று எழுதி அதைப் பிடித்தபடி போட்டோ போட்டான். பி.என்.ஆர். எண்ணை ஸ்டிக்கர் வைத்து மறைத்தான், பக்கத்தில் பார்கோடு அப்படியே தெரிந்தது. ஸ்கேன் செய்தால் பெயரும் பி.என்.ஆரும் வந்துவிடும். போக வர ஒரே புக்கிங் என்பதால் திரும்பிப் போகும் டிக்கெட்டும் அதே எண்ணில்தான். யாரோ அந்த புக்கிங்குக்கு உள்ளே போய் அதன் தேதியை மாற்ற முயற்சி செய்திருக்கிறார்கள், கட்டணம் கேட்டதால் பாதியில் விட்டுவிட்டார்கள் போல. சீட் மாறியதாக மெயில் வந்த பிறகுதான் இவனுக்கே தெரிந்தது. லக்கேஜில் ஒட்டும் சீட்டிலும் பெயர் இருக்கும், அதையும் கிழித்த பிறகு எடுங்கள்.

சேலத்தான்:
சும்மா பயமுறுத்தாதீங்க. உள்ளே போகக் கடைசிப் பெயரும் வேண்டும். நம்மாட்கள் பாதிப் பேருக்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் காலிதான், அப்புறம் எவன் போவான்?

ஏற்காடு அண்ணன்:
பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தாலும் டிக்கெட் போடும்போது அந்த இடத்தில் ஏதாவது ஒன்று போட்டிருப்பார்கள் தம்பி, பெயரையே இரண்டு தடவை போடுவதும் உண்டு. அது பாஸிலேயே அச்சாகி இருக்கும். திரும்பிப் போகும் டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

எடப்பாடி மாப்பிள்ளை:
எனக்கு வேறு மாதிரி. இமிக்ரேஷன் வரிசையில் செல்பி எடுத்தேன், போலீஸ்காரர் கூப்பிட்டு அவர் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னார். இப்போது போட்டோவே எடுப்பதில்லை. யாராவது அங்கே எடுத்திருக்கீங்களா?

கமலாபுரம் பெரியப்பா:
இமிக்ரேஷனில் எடுக்கக் கூடாது, வெளியே வந்து எடு. நான் ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். வீடு சேர்ந்த மறுநாள் போடுங்கள், பேத்தி மடியில் இருக்கும் படமாக. வரியில் ஊர்ப் பெயர் போதும், கம்பெனி பெயர், வேலை, சம்பளம் எதுவும் வேண்டாம். "லாங் லீவ்" என்று எழுதினால் மறுநாளே கடன் கேட்டு ஆள் வரும். திரும்பிப் போகும் தேதியை எழுதினால் வீட்டில் பெண்கள் தனியாக இருக்கப்போவது எப்போது என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஓமலூர் அக்கா:
எல்லாம் சரி பெரியப்பா. ஆனால் நாளைச் சொல்லாமல் விட்டால், கிளம்புகிற அன்றைக்கு அத்தைக்கு இன்னும் கஷ்டம் இல்லையா? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.