ஆட்ஸ் ரேஷியோ 3.5-ஐ மேனேஜருக்கு எப்படிப் புரியவைப்பது?

சேலத்தில் ஒரு கிளினிக்கில் டேட்டா பார்க்கிறேன். மறுபரிசோதனைக்கு வராமல் போகிறவர்களை வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போட்டேன். ஏற்காடு மலையிலிருந்து வருபவர்களுக்கு ஆட்ஸ் ரேஷியோ 3.5. மேனேஜர் உடனே "மலைக்காரங்க மூன்றரை மடங்கு வர்றதில்ல" என்று போர்டில் எழுதிவிட்டார்.

மலையில் 100 பேரில் 60 பேர் வரவில்லை, டவுனில் 30 பேர். மடங்கு என்றால் இரண்டுதான். ஆட்ஸ் என்பது வராதவர்களை வந்தவர்களால் வகுப்பது: 60/40 = 1.5, 30/70 = 0.43. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 3.5.

"30-ஐ மூன்றரையால் பெருக்கினா 105. நூறு பேர்ல 105 பேர் எப்படி சார் வராம போவாங்க?" என்றேன். சிரித்தார், ஆனால் போர்டை அழிக்கவில்லை.

வராதவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேராக இருந்தால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், இங்கே அப்படியில்லை. வயதையும் மாடலில் சேர்த்தபின், ஆட்ஸை விட்டுவிட்டு, மாடல் தரும் சராசரி நிகழ்தகவை "நூற்றுக்கு இத்தனை பேர்" என்றே காட்டலாமா? இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்களேன்.