எதிரே வரும் லாரி லைட் அடித்தால் நிற்பதா, போவதா?

காவேரிப்பட்டணம் பைக்: சேலம்–கிருஷ்ணகிரி நான்குவழியில் மீடியன் கேப்பில் பைக்கை நிறுத்தி, அந்தப் பக்கம் கடக்கக் காத்திருக்கிறேன். தூரத்தில் வரும் லாரி இரண்டு தடவை ஹெட்லைட்டை அடிக்கிறது. “வழி விடறான், போ” என்கிறார் பின்னால் உட்கார்ந்திருக்கும் மச்சான். “நான் வர்றேன், நில்லுன்னு சொல்றான்” என்பது என் கட்சி. வீட்டுக்கு வந்தும் சண்டை தீரவில்லை. சட்டப்படி இதற்கு என்னதான் அர்த்தம்?

மாம்பழத் தோப்பு: மச்சான் சொல்வதுதான் சரி. நான் இங்கிலாந்தில் கொஞ்ச காலம் வண்டி ஓட்டியிருக்கிறேன். அங்கே லைட் அடித்தால் “நீங்க போங்க” என்று அர்த்தம், எல்லோரும் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நாகரிகமான ஊர்களில் இதுதான் முறை. நம்ம ஊர்க்காரர்கள்தான் அதை மிரட்டலாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பழைய ஸ்டியரிங்: தம்பி, மச்சான் பேச்சைக் கேட்டுப் போய்விடாதீர்கள். முப்பது டன் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி வந்தவன் நான். லோடு வண்டி ஒருமுறை வேகம் இழந்தால் மறுபடி கியர் கியராக ஏற்றித்தான் பழைய ஓட்டத்துக்குக் கொண்டுவர முடியும், டீசலும் போகும். ஒரு பைக்குக்காக ஹைவேயில் அப்படி விட்டுக்கொடுக்கிற டிரைவர் ரொம்பக் குறைவு. தூரத்திலேயே ரெண்டு தடவை பளிச் பளிச் என்று அடித்தால் “நிறுத்தப் போறதில்ல, அங்கேயே இரு” என்றுதான் பொருள். விடுகிறவன் முதலில் வேகத்தைக் குறைப்பான், அப்புறம்தான் லைட்டைத் தொடுவான், பெரும்பாலும் கையையும் வெளியே ஆட்டுவான்.

அரூர் ஸ்கூட்டி: எனக்கும் இதே பிரச்சினை! பட்டப்பகலில் போனால் எதிரே வருகிற எல்லோரும் லைட் அடிக்கிறார்கள், சிலர் கையை விரித்து விரித்து மூடிக் காட்டுகிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்றே புரியவில்லை.

பழைய ஸ்டியரிங்: உங்கள் கதை வேறம்மா. “லைட் எரியுது, அணைங்க” என்று சொல்கிறார்கள். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. அது தெரியாதவர்கள் இன்னும் நல்லது செய்வதாக நினைத்துக் கையாட்டுகிறார்கள். ஆனால் பகலில் ஹை பீமில் விட்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள், மீட்டரில் நீல விளக்கு எரிந்தால் அதுதான்.

அரூர் ஸ்கூட்டி: நீலம் எரிகிறதுதான் 😐

ஓசூர் நைட் ஷிஃப்ட்: மாம்பழத் தோப்பு அண்ணனுக்கு ஒரு விஷயம். அங்கே பழக்கம் அப்படி இருக்கலாம், விதி நேர் எதிர். பிரிட்டனின் ஹைவே கோட் 110-வது விதி, நான் இங்கே இருக்கிறேன் என்று மற்றவருக்குத் தெரிவிக்க மட்டும்தான் லைட் அடிக்கலாம், வேறு எந்தச் செய்தியும் சொல்லவோ மிரட்டவோ கூடாது என்கிறது. அடுத்த 111 இன்னும் தெளிவு: லைட் அடித்ததை “வா” என்ற அழைப்பாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதே, நீயே பார்த்து முடிவு செய். உங்களுக்கு வழிவிட்டவர்கள் எல்லோரும் விதியை மீறித்தான் விட்டிருக்கிறார்கள்.

நம்ம ஊரில் 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. எதிரே வண்டி வரும்போது ஹை பீம் போடக் கூடாது, பக்கத்துச் சாலையிலிருந்து பிரதான சாலைக்குள் வருபவர் அதில் போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். லைட் அடித்தால் இந்த முன்னுரிமை கைமாறும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. லாரிக்காரர் மனதார “போ” என்று அடித்திருந்தாலும் கேப்பில் நிற்கிறவர் பார்த்துத்தான் போக வேண்டும். “வர்றேன்” என்று அடித்திருந்தால், அதனால் பிரேக் போடுகிற பொறுப்பு அவருக்கு இல்லாமல் போய்விடாது.

மாம்பழத் தோப்பு: சரி, விதி அப்படியே இருக்கட்டும். ரோட்டில் நடப்பது வேறு. வேகத்தைக் குறைத்து லைட் அடிக்கிறவன் வழிதான் விடுகிறான், அதை ஸ்டியரிங் அண்ணனே ஒத்துக்கொள்கிறாரே. அப்போது போவதில் என்ன தவறு?

ஓசூர் நைட் ஷிஃப்ட்: அங்கேதான் ஆபத்து அதிகம். நம்ம நான்குவழியில் லாரிகள் மீடியனை ஒட்டியே ஓடும், கார்கள் இடதுபக்கம் புகுந்து முந்தும். தம்பி மீடியனில் நிற்கிறார், வண்டிகள் அவருக்கு இடது கைப்பக்கத்திலிருந்து வருகின்றன. மீடியனை ஒட்டி வந்த லாரி நல்ல மனதோடு நின்றுவிட்டது என்றே வையுங்கள். அதன் உடம்பு சுவர் மாதிரி மறைக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இடது லேனில் முந்தி வருகிற கார்க்காரருக்குப் பைக் தெரியாது, பைக்காரருக்குக் கார் தெரியாது. லைட் அடித்தவர் தன் லேனுக்குத்தான் அனுமதி தர முடியும், பக்கத்து லேனுக்கு அவர் யார்?

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லேன் மூன்றரை மீட்டர், இரண்டும் சேர்ந்து ஏழு. நின்ற இடத்திலிருந்து இரண்டு பேரோடு பைக்கை எடுத்துக் கடக்க நான்கு நொடியாவது ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி அந்த நான்கு நொடியில் கிட்டத்தட்ட 67 மீட்டர் வந்துவிடும். லோடு லாரி என்றால் டிரைவர் பார்த்து, கால் வைத்து, நிற்பதற்கும் சமதளத்தில் ஏறக்குறைய அவ்வளவு தூரம் தேவை. 80-ல் வருகிற காருக்கு அதே நான்கு நொடியில் 90 மீட்டர். இத்தனையும் லைட்டின் அர்த்தத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட பிறகு.

வத்தல்மலை: ஹைவேயை விடுங்கள், மலைப்பாதையில் இன்னும் மோசம். எங்கள் கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து இறங்குகிற கார் முதலில் லைட் அடித்துவிட்டால் “நான்தான் முதலில் அடித்தேன், நீ பின்னால் போ” என்று சண்டைக்கு வருகிறார்கள். ஏறுகிற டெம்போ பின்வாங்கினால் உருண்டு போகாதா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்: இரண்டு வண்டிக்கு இடமில்லாத மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது விதியிலேயே இருக்கிறது. முதலில் லைட் அடித்தவருக்கு ஒரு சலுகையும் இல்லை.

பழைய ஸ்டியரிங்: விதி தம்பி சொல்வது சரிதான், ஆனாலும் ராத்திரியில் லைட் அடிக்காமல் வண்டி ஓட்டவே முடியாது. முந்துவதற்கு முன் ஒரு தடவை டிம் அடித்தால் முன்னால் போகிறவன் கண்ணாடியைப் பார்ப்பான், ஹாரனைவிட அது மேல். எதிரே பிரைட்டில் வருகிறவனுக்கு ஒரு அடி அடித்தால்தான் இறக்குவான். அப்புறம் “முன்னாடி செக்கிங் நிக்குது”ங்கிறதுக்கும் அதே லைட்தான். ஒரே சுவிட்ச், நாலு அர்த்தம், வாங்குகிறவன்தான் இடத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்: செக்கிங் இருக்கிறது என்று லைட் அடித்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணா. குடித்துவிட்டு ஓட்டுகிறவனையும் அதுதான் காப்பாற்றுகிறது.

பழைய ஸ்டியரிங்: அவனை மட்டும் பார்த்தால் எப்படி? லைட்டைப் பார்த்து நாலு பேர் வேகத்தைக் குறைக்கிறானா இல்லையா?

மாம்பழத் தோப்பு: இதில் நான் ஸ்டியரிங் அண்ணன் பக்கம்.

காவேரிப்பட்டணம் பைக்: மச்சானிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். “லாரியைப் பத்தித்தானே சொல்றாங்க, பஸ் வேற” என்கிறார். நாளைக்கு அரை கிலோமீட்டர் சுற்றினாலும் பாலத்துக்கு அடியில் போய்த்தான் திரும்பப் போகிறேன், அவர் வேண்டுமானால் கேப்பில் இறங்கி நடந்து வரட்டும்.

பழைய ஸ்டியரிங்: நடந்து வந்தாலும் அதே லாரிதான் தம்பி, அவரையும் ஏற்றிக்கொண்டே போங்கள்.