68 ஸ்லைடு, 8 பிரிப்பு, 8 மேற்கோள். ஆனாலும் தட்டையா போகுது, எங்கே தப்பு?

புதுவரவு எழுதியது:

வணக்கம். வாடிக்கையாளர் புகாரைக் கையாளும் புது ஊழியர்களுக்கு ரெண்டு மணி நேரப் பயிற்சி எடுக்கிறேன். மொத்தம் 68 ஸ்லைடு, எல்லாம் பவர்பாயின்ட்ல செஞ்சது. போன தடவை முடிச்சதும் ஒருத்தர், "எங்கே ஒண்ணு முடிஞ்சு எங்கே அடுத்தது ஆரம்பிச்சதுன்னே தெரியல"ன்னு சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா எட்டுப் பிரிவுக்கும் எட்டுப் பிரிப்பு ஸ்லைடு வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் அடுத்ததா ஒரு மேற்கோளும் இருக்கு.

பிரிப்பு ஸ்லைடு: வெள்ளைப் பின்னணி, மேலே எங்க நிறத்துல ஒரு பட்டை, நடுவுல பெரிய எழுத்துல தலைப்பு. மேற்கோள் ஸ்லைடு: அதே வெள்ளை, அதே பட்டை, சாய்ந்த எழுத்து. மேற்கோள் எல்லாம் பெரிய மனுஷங்க சொன்னது, இணையத்துல எடுத்தது.

பட்டையோட நிறத்தை மாத்திப் பார்த்தேன், ஐகான் சேர்த்துப் பார்த்தேன். ஒண்ணும் மாறல. இன்னும் என்ன சேர்க்கணும்?

---

வேகம் எழுதியது:

டிரான்சிஷன் என்ன போட்டிருக்கீங்க? பிரிப்பு ஸ்லைடுக்கு மட்டும் Push இல்லேன்னா Morph கொடுங்க, 1 விநாடி போதும். அசைவு வந்தாலே கண்ணு நிமிரும்.

---

புதுவரவு எழுதியது:

போட்டுப் பார்த்தாச்சுங்க. நேர்ல ஓகே. காணொளி அழைப்புல பகிர்ந்தா விட்டு விட்டு வருது. அசைவு நின்னதும் திரும்பவும் அதே வெள்ளை ஸ்லைடுதான் நிக்குது.

---

பழையகை எழுதியது:

எதையும் சேர்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செய்யுங்க.

ஒண்ணு: View > Slide Sorter போய், எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்குங்க. கண்ணைச் சுருக்கிப் பாருங்க. எட்டுப் பிரிப்பும் எங்கே இருக்குன்னு விரலை வெச்சுக் காட்ட முடியுதா? நீங்க சொன்ன விவரத்தை வெச்சுப் பார்த்தா முடியாதுன்னு நினைக்கிறேன். கூடத்துல உட்கார்ந்திருக்கறவர் நோட்டுல எழுதிட்டு நிமிரும்போது அவருக்குக் கிடைக்கறதும் அந்த ஒரு பார்வைதான்.

ரெண்டு: ஒவ்வொரு பிரிவுலயும் பிரிப்பு, மேற்கோள் நீங்கலா எத்தனை ஸ்லைடுன்னு எண்ணி இங்கே போடுங்க.

---

புதுவரவு எழுதியது:

நீங்க சொன்னது சரி. ரெண்டு இடத்துலதான் காட்ட முடிஞ்சது, அதுவும் ஞாபகத்துல இருந்ததால.

எண்ணிக்கை: 12, 3, 4, 15, 2, 9, 3, 2. கூட்டினா 50. பிரிப்பு 8, மேற்கோள் 8, முகப்பும் நன்றியும் 2.

---

நடுப்பக்கம் எழுதியது:

என்னைக் கேட்டா பிரிப்பு ஸ்லைடே வேண்டாம். எல்லா ஸ்லைடுக்கும் அடியில பிரிவுப் பேரை வரிசையா போட்டு, இப்ப நடக்கறதை மட்டும் அடர்த்தியாக்குங்க. எங்கே இருக்கோம்னு எப்பவும் தெரியும், எட்டு ஸ்லைடும் மிச்சம்.

---

பழையகை எழுதியது:

நடுப்பக்கம், படிக்கறதுக்கு அனுப்பற கோப்புன்னா நீங்க சொல்றதுதான் சரி. பேசும்போது அது வழி காட்டும், ஆனா நிறுத்தம் தராது. பிரிப்பு ஸ்லைடு வந்தா பேசறவரும் மூச்சு விடறார், கேக்கறவரும் கையை உதறிக்கறார். அடியில இருக்கற பட்டியல் நாப்பது தடவை வந்தபிறகு சுவர்க்கடிகாரம் மாதிரி ஆயிடும், யாரும் பார்க்க மாட்டாங்க.

புதுவரவு, உங்க எண்ணிக்கையிலயே பதில் இருக்கு. ஒரு பிரிவுல 2 ஸ்லைடு, அதுக்கு முன்னாடி பிரிப்பு ஒண்ணு, மேற்கோள் ஒண்ணு. வாசப்படியே வீட்டளவு இருக்கு. இன்னொரு பக்கம் 15 ஸ்லைடு மூச்சே விடாம ஓடுது. அதுவும் போக, பிரிப்பும் மேற்கோளும் ஒட்டியே வருதா, ரெண்டு நிறுத்தம் சேர்ந்து ஒரே நிறுத்தமாத்தான் கணக்காகுது. எட்டு மேற்கோள் வெச்சும் உங்களுக்குக் கூடுதலா ஒரு நிறுத்தம்கூடக் கிடைக்கல.

நானா இருந்தா 3-ஐயும் 4-ஐயும் சேர்ப்பேன், 2-ஐயும் 9-ஐயும் சேர்ப்பேன், கடைசி 3-ஐயும் 2-ஐயும் சேர்ப்பேன். அப்ப 12, 7, 15, 11, 5. அஞ்சு பிரிவு, அஞ்சு பிரிப்பு. மேற்கோள் மூணே மூணு, 12, 15, 11 இருக்கற நீளமான பிரிவுகளுக்குள்ள. நடுவுலன்னா அளந்து நட்டநடுவுல இல்ல, பேச்சு திரும்பற இடத்துல. அந்த 15-ல என்ன இருக்கு?

---

புதுவரவு எழுதியது:

முதல் 8 ஸ்லைடு ஒரு புகார் கைமாறும்போது எப்படிக் கெட்டுப்போகுதுன்னு. மிச்சம் 7, குறிப்பு எப்படி எழுதி அடுத்தவர்கிட்ட ஒப்படைக்கணும்னு. இப்ப அந்தப் பிரிவோட மேற்கோள் "பொறுமை"யைப் பத்தினது. யார் சொன்னதுன்னு போட்டிருக்கேன், ஆனா உண்மையிலேயே அவர்தான் சொன்னாரான்னு எனக்கே சந்தேகம்.

---

பழையகை எழுதியது:

சந்தேகம்னா எடுத்துடுங்க. கூடத்துல யாராவது ஒருத்தர் ஃபோன்ல தேடிப் பார்த்தா மானம் போயிடும். பொறுமைக்கும் குறிப்பு எழுதறதுக்கும் என்ன சம்பந்தம்? அது அலங்காரம். 8-க்கும் 9-க்கும் நடுவுல நிக்கற வரி முன்னாடி சொன்னதை முடிச்சு, பின்னாடி வர்றதைக் கேக்க வைக்கணும். புகார் சொன்னவங்களே பேசின வரி ஒண்ணும் உங்ககிட்ட இல்லையா?

---

புதுவரவு எழுதியது:

இருக்கு! பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதி வாங்கின அழைப்பு ஒண்ணுல ஒரு அம்மா சொன்னாங்க: "மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் புதுசா கேட்டாங்க."

---

பழையகை எழுதியது:

அதேதான். அடியில "ஒரு வாடிக்கையாளர், நான்காவது அழைப்பில்" மாதிரி ஒரு வரி, எது உண்மையோ அதை மட்டும். அந்த ஸ்லைடு வந்ததும் நீங்க வாயைத் திறக்காதீங்க. அவங்களே படிச்சு முடிக்கட்டும், அஞ்சாறு விநாடி ஆகும். நீங்க கூடவே சத்தமா படிச்சா கண்ணு ஒரு பக்கம், காது ஒரு பக்கம்னு இழுபடும்.

இனி உருவம். பிரிப்பு முழு அடர் நீலம், மேற்கோள் வெள்ளைக்குச் சற்றே மங்கலான தாள் நிறம், மத்ததெல்லாம் வெள்ளை. மூணு தரை, அவ்வளவுதான். பட்டையும் ஐகானும் லோகோவும் இந்த ரெண்டு வகையிலயும் வேண்டாம். இருட்டான அறைன்னா கறுப்பு எடுக்காதீங்க, கறுப்புலேர்ந்து வெள்ளைக்குத் தாவும்போது கண்ணு கூசும். அஞ்சு பிரிப்புலயும் தலைப்பு ஒரே இடத்துல, இடது கீழ் மூலையில தொடங்கட்டும்.

எல்லாத்தையும் View > Slide Master-ல செய்யுங்க. Section Header லேஅவுட் ஏற்கெனவே இருக்கும், மேற்கோளுக்குப் புதுசா ஒண்ணு சேருங்க. ஒரு ஸ்லைடை நகலெடுத்து நகலெடுத்துச் செஞ்சா அஞ்சாவது நகல் எங்கேயோ நகர்ந்து நிக்கும்.

---

வரைகோடு எழுதியது:

இதோட என் கஷ்டத்தையும் சொல்றேன். எங்க இடத்துல பக்கத்துக்கு 6 ஸ்லைடா அச்சடிச்சுக் கொடுக்கணும். அடர் நிறப் பிரிப்பு வெச்சதுல கறுப்பு வெள்ளை அச்சுல கட்டம் கட்டமா சாம்பல் அப்பிடுச்சு. அதனால நான் அடர் நிறத்துக்கு எதிரி.

---

பழையகை எழுதியது:

வரைகோடு, அந்த நிறத்தை எப்படிப் போட்டீங்க? ஸ்லைடு முழுக்க ஒரு செவ்வகம் வரைஞ்சா?

---

வரைகோடு எழுதியது:

ஆமா, செவ்வகம்தான். எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க?

---

பழையகை எழுதியது:

அங்கேதான் சிக்கல். Format Background வழியா நிறம் கொடுத்துட்டு, அச்சடிக்கும்போது Grayscale எடுத்தீங்கன்னா பின்னணி வெள்ளையாவும் எழுத்து கறுப்பாவும் மாறிடும். வரைஞ்ச வடிவத்தோட நிறம் சாம்பலாத்தான் வரும். View > Grayscale-ல முன்கூட்டியே பார்க்கலாம். கலர்ல அச்சடிச்சா மட்டும் மை போகத்தான் செய்யும், அதுக்கு என்கிட்ட வழி இல்ல.

---

புதுவரவு எழுதியது:

லேஅவுட் செஞ்சேன். ரெண்டு கேள்வி. மூணு மேற்கோள்லயும் எழுத்து அளவு வேற வேறயா வருது, நான் 40 தான் கொடுத்தேன். இன்னொண்ணு, ரெண்டு வரி மேற்கோள்ல மேல் வரியோட "மூ" காலும் கீழ் வரியோட கொம்பும் உரசுது.

---

எழுத்தாணி எழுதியது:

இது என் பக்கம், நான் சொல்றேன்.

அளவு மாறுறதுக்குக் காரணம் Shrink text on overflow. பெட்டிக்குள்ள அடங்கலன்னா அதுவா எழுத்தைச் சின்னதாக்கிடும். லேஅவுட்ல பெட்டியைத் தேர்ந்து Format Shape-ல Do not Autofit கொடுங்க. அப்புறம் மேற்கோள் வழிஞ்சுதுன்னா எழுத்தைக் குறைக்காதீங்க, மேற்கோளைச் சுருக்குங்க. தமிழ்ல ஒரு சொல்லே நீளமா ஓடும்கறதால 40 அளவுல மூணு வரிக்கு மேல போனாலே எனக்குப் பத்தியாத்தான் தெரியும்.

உரசலுக்குக் காரணம் வரி இடைவெளி. தலைப்புப் பெட்டியில பெரும்பாலும் 0.9 இருக்கும். ஆங்கில எழுத்துக்கு அது பொருந்தும். நமக்கு மேலே விசிறி, கீழே கால். Paragraph-ல Multiple எடுத்து 1.1 கொடுங்க, ஃபான்டைப் பொறுத்து 1.2 வரைக்கும் போகலாம். சாய்ந்த எழுத்தையும் விட்டுடுங்க. பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல சாய்வுக்குன்னு தனி வரைவு கிடையாது, நேர் எழுத்தையே மென்பொருள் தள்ளிவிடுது, "ழ"வும் "ஞ"வும் விழப்போற மாதிரி நிக்கும்.

ஒரு சின்ன விஷயம்: மேற்கோளைத் தனி Text Box-ல போடாம தலைப்புப் பெட்டியிலயே போடுங்க. Outline View-ல வரும். திரையை வாசிக்கற மென்பொருளை நம்பறவங்களுக்கும் அது தலைப்பில்லாத ஸ்லைடா இருக்காது.

---

நடுப்பக்கம் எழுதியது:

பிரிப்புல 1, 2, 3னு பெரிய எண் போடலாமா? அடிப்பட்டியல் வேண்டாம்னீங்க, எண்ணாவது இருக்கட்டுமே. இன்னும் எவ்வளவு பாக்கின்னு தெரியும்.

---

பழையகை எழுதியது:

எனக்கு அது பிடிக்காது. பவர்பாயின்ட்ல ஸ்லைடு எண் தானா மாறும், பிரிவு எண் மாறாது, கையாலதான் போடணும். கடைசி நிமிஷத்துல ஒரு பிரிவை இடம் மாத்தினா 2-க்கு அப்புறம் 4 வந்து நிக்கும். எனக்கே நடந்திருக்கு.

---

நடுப்பக்கம் எழுதியது:

அஞ்சே அஞ்சு எண். சரிபார்க்க அரை நிமிஷம். நான் போடத்தான் செய்வேன்.

---

புதுவரவு எழுதியது:

நேத்து நடத்தினேன். இப்ப 60 ஸ்லைடு. Slide Sorter-ல அஞ்சு நீலக் கட்டமும் தூரத்துலயே தெரியுது. அந்த அம்மாவோட வரி வந்தப்ப நான் பேசாம நின்னேன், ஆறு விநாடி எனக்கு ஆறு நிமிஷம் மாதிரி இருந்தது. பின்வரிசையில ஒருத்தர் "இது நம்ம ஆளுங்கதான்"னு முணுமுணுத்தார், அங்கேர்ந்தே ஒப்படைப்பு பத்தின பேச்சு தானா தொடங்கிடுச்சு.

11 ஸ்லைடு பிரிவுல வெச்ச மேற்கோள்தான் எடுபடல. அதுவும் வாடிக்கையாளர் சொன்னதுதான், ஆனா யாரும் நிமிரல. வரி சரியில்லையா, இடம் சரியில்லையான்னு தெரியல. எண் போடாமத்தான் காட்டினேன், இடைவேளையில ரெண்டு பேர் "இன்னும் எத்தனை பாக்கி?"ன்னு கேட்டாங்க.

---

நடுப்பக்கம் எழுதியது:

:)

---

பழையகை எழுதியது:

அந்த 11-ல 2-உம் 9-உம் சேர்ந்த இடம் ஒண்ணு இருக்குல்ல, மேற்கோளை அங்கே, மூணாவது ஸ்லைடுக்கு முன்னாடி வெச்சீங்களா, இல்ல நடுவுல வெச்சீங்களா?

---

புதுவரவு எழுதியது:

நடுவுல, ஆறாவதுக்கு அப்புறம். அங்கே பேச்சு எதுவும் திரும்பறதில்லதான். அடுத்த தடவை ரெண்டாவதுக்கு அப்புறம் வெச்சுப் பார்த்துட்டு வந்து சொல்றேன்.