புதுப்பிப்பு: மெட்ரோ கியூஆர் வந்துவிட்டது

முன்பு கேட்டது: "சீனாவுக்குச் சுற்றுலா போன தம்பிக்கு மெட்ரோ கியூஆர் வருதில்லை. கமரா மொழிபெயர்ப்பு 'மீண்டும் உள்நுழைக' எண்டு காட்டுது. என்ன செய்யிறது?"

புறக்கோட்டையில் துணி இறக்குமதி செய்யும் ஓர் அண்ணன் அந்தத் திரையின் படத்தைப் பார்த்ததும் பிழையைப் பிடித்துவிட்டார். திரையில் இருந்தது 补登, அதாவது விடுபட்ட பயணப் பதிவைச் சேர்ப்பது. உள்நுழைவைக் குறிக்கும் 登录 என்பதிலும் அதே எழுத்து வருவதால் கமரா குழம்பியிருக்கிறது. முந்தைய பயணத்தில் வெளியேறும்போது கோட் ஸ்கேன் ஆகவில்லை. அந்த வரியைத் தொட்டு, இறங்கிய நிலையத்தைத் தெரிவு செய்து, கட்டணம் கட்டியதும் புதிய கோட் வந்தது.

"பழைய பயணம் முடியேல்லை, செயலியை அழிச்சுப் போடுங்கோ" என்று முன்பு பதில் எழுதியவர் காரணத்தைச் சரியாகவே சொன்னார். ஆனால் பதிவு கணக்கில் இருப்பதால் அழித்தாலும் போகாது. ஸ்கேன் ஆகாமலே கேட் எப்படித் திறந்தது என்பது இன்னும் பிடிபடவில்லை.