ஐஇஎல்டிஎஸ் ரீடிங்: ஃப்ளோ சார்ட்டும் டேபிளும் நிரப்பியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தஞ்சை_நர்ஸ்
பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதப் போகிறேன். ரீடிங்கில் 7 வேண்டும். அதாவது 40 கேள்விகளில் ஏறக்குறைய 30 சரியாக வர வேண்டும். எங்கள் படிப்புக் குழுவில் இந்த வாரம் தேனீக்கள் பற்றிய பத்தி ஒன்றைச் செய்தோம். பூந்தேன் எப்படித் தேனாகிறது என்று ஃப்ளோ சார்ட்டில் நான்கு பெட்டிகள். 'இரண்டு சொற்களுக்கு மேல் கூடாது, பத்தியிலிருந்து எடுக்கவும்' என்று மேலே போட்டிருந்தது. கடைசிப் பெட்டி, அறையை எதைக் கொண்டு மூடுகின்றன என்பது. பாதிப் பேர் 'வாக்ஸ்' என்று எழுதியிருந்தோம். விடைப் பக்கத்தில் 'பீஸ்வாக்ஸ்' என்று மட்டுமே இருக்கிறது. பொருள் சரிதானே என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். நீங்கள் இந்த மாதிரிக் கேள்விகளை எப்படிக் கையாண்டீர்கள்?

மதுரை_மணி
நான் செய்தது இதுதான். படத்தில் அம்புக்குறி எங்கே தொடங்குகிறது, எத்தனை படிகள் என்று முதலில் எண்ணிக்கொள்வேன். பிறகு பொதுவான போக்கை ஒரு வரியில் எழுதுவேன். எந்தச் சொல்லையும் கேள்வித்தாளிலிருந்து அப்படியே எடுக்காமல், என் சொந்த வார்த்தையில் மாற்றி எழுதினேன். அப்படியே எடுத்தால் மதிப்பெண் குறையும்.

கோவை_பயிற்சி
மணி தம்பி, நீங்கள் சொல்வது ரைட்டிங் முதல் பணிக்கு. அங்கே ஒரு செயல்முறைப் படத்தைக் கொடுத்து 150 சொற்களில் விவரிக்கச் சொல்வார்கள். அதில் சொந்த வார்த்தை வேண்டும். தஞ்சை நர்ஸ் கேட்பது ரீடிங்கில் வரும் ஃப்ளோ சார்ட். இங்கே நேர் எதிர்: சொல்லை மாற்றினால் விடை போய்விடும்.

அந்த நான்கு பெட்டிகளையே எடுத்துக்கொள்வோம். பத்தி என்னிடமும் இருக்கிறது. படத்தில் உள்ள வாக்கியத்தை வேண்டுமென்றே வேறு சொற்களில் எழுதியிருப்பார்கள். மாறாமல் இருப்பது கோட்டில் வர வேண்டிய சொல் மட்டும். மூன்றாவது பெட்டியைப் பாருங்கள். 'சிறகசைப்பு எதை வேகப்படுத்துகிறது' என்ற அமைப்பில் வாக்கியம். பத்தியிலோ 'காற்று நகர்வதால் நீர் ஆவியாதல் விரைவாகிறது' என்ற மாதிரி இருக்கிறது. அங்கே உள்ள சொல் 'இவாப்பரேஷன்'. என் வகுப்பில் பலர் 'இவாப்பரேட்டிங்' என்று எழுதுவார்கள். நான் அவர்களிடம் சொல்வது, கோட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களை வாய்விட்டுப் படியுங்கள், அங்கே பெயர்ச்சொல் வேண்டுமா, வினையா, பன்மையா என்று தீர்மானித்த பிறகு பத்திக்குப் போங்கள். பத்தியில் எடுத்த சொல்லை மாற்றினால்தான் கோட்டில் பொருந்தும் என்றால், பெரும்பாலும் நீங்கள் தவறான சொல்லை எடுத்திருக்கிறீர்கள். சரியான சொல் கை வைக்காமலே உட்காரும்.

'வாக்ஸ்' விஷயமும் அதே போலத்தான். தேர்வாளர் உங்களுக்குத் தேனீ பற்றித் தெரியுமா என்று பார்க்கவில்லை. பத்தியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தீர்களா என்று பார்க்கிறார். 'பீஸ்வாக்ஸ்' என்று ஒரே சொல்லாக அச்சாகியிருக்கும்போது பாதியை வெட்டி எழுதினால், உங்கள் விடை பத்தியில் உள்ளதாக ஆகாது.

சேலம்_அருள்
கோவை சார் சொன்னதற்கு என் ரூம்மேட் நல்ல உதாரணம். அவன் வேளாண்மை பட்டதாரி. அதே இரண்டாவது பெட்டி, 'கூட்டுக்குள் யாரிடம் கொடுக்கிறது'. கண்ணை மூடிக்கொண்டு 'ஹவுஸ் பீஸ்' என்று எழுதினான். அவர்கள் பாடத்தில் அப்படித்தான் சொல்வார்களாம், அறிவியல்படி தப்பே இல்லை. பத்தியில் அந்தப் பெயரே வரவில்லை. 'யங்கர் வொர்க்கர்ஸ்' என்றுதான் இருந்தது. பாடம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் ஆபத்து என்று எனக்குப் படுகிறது. அவனுக்குத் தெரியாத கடலடி எரிமலை பத்தியில் ஒன்றுகூட விடவில்லை.

தஞ்சை_நர்ஸ்
எனக்கும் இரத்தம், சிறுநீரகம் என்று வந்தால் கை தானாக எழுதுகிறது அருள். இனி அந்தப் பத்திகளில் விடைச் சொல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதப் போகிறேன்.

நெல்லை_சுதா
நான் பின்பற்றியது வரிசை. விடைகள் பத்தியில் வரிசையாகத்தான் வரும். முதல் பெட்டியின் விடை கிடைத்த வரிக்கு மேலே திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. நேரம் மிச்சம்.

கோவை_பயிற்சி
சுதா, உண்மை-பொய் கேள்விகளுக்கு அது சரி. ஃப்ளோ சார்ட், டேபிள், சுருக்கம் இவற்றுக்கு அந்த உறுதி கிடையாது. பொதுவாக எல்லா விடைகளும் பத்தியின் ஒரு பகுதிக்குள் இருக்கும், ஆனால் முன்பின்னாக வரலாம். தேனீப் பத்தியே சாட்சி. அது 'மூடிய அறையில் இருக்கும் தேன் ஏன் கெடுவதில்லை' என்றுதான் தொடங்குகிறது. நீர் 20 சதவீதத்துக்குக் கீழே, மேலே மெழுகு மூடி. அதற்குப் பிறகுதான் பின்னோக்கிப் போய், பூவிலிருந்து தேனீ 'ஹனி ஸ்டமக்'கில் சுமந்து வருவதைச் சொல்கிறது. அதாவது நான்காம் பெட்டியின் விடை முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. மேலிருந்து கீழே மட்டும் தேடியவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அறிவியல் எழுத்தில் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போவது சகஜம். அதனால் 'இதற்கு முன்', 'ஏற்கெனவே' போன்ற சொற்கள் பத்தியில் கண்ணில் பட்டால் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

நெல்லை_சுதா
சரி சார், அப்படியென்றால் நான் செய்த பத்திகளில் வரிசையாக அமைந்தது தற்செயல்தான். இன்னொன்று. அதே பத்தியின் டேபிளில் ஆண் தேனீ எந்த மாதிரி முட்டையிலிருந்து வருகிறது என்று இருந்தது. விடை 'அன்ஃபெர்ட்டிலைஸ்டு'. பத்தியில் அது 'எஸ்' போட்டு இருக்கிறது. 'இஸட்' போட்டால் தப்பு என்று படித்தேன்.

கோவை_பயிற்சி
தப்பில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டையும் ஏற்கிறார்கள். ஆனாலும் கண்முன் இருப்பதைப் பார்த்து எழுதுவதே நல்லது, ஏனென்றால் ஓர் எழுத்து விட்டுப்போனால் அந்த மதிப்பெண் போய்விடும். லிசனிங் தாள் தேர்வில் விடைத்தாளுக்கு மாற்றி எழுத 10 நிமிடம் தருவதுபோல ரீடிங்கில் தர மாட்டார்கள். 60 நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். கோட்டுக்குறி போட்டு இணைத்த சொல் ஒரே சொல்லாகத்தான் கணக்கு, அதையும் மறந்துவிடாதீர்கள்.

திருச்சி_ரஹீம்
டேபிளில் எனக்கு உதவியது தலைப்பு வரிசை. அந்த டேபிளில் இராணி, வேலைக்காரத் தேனீ, ஆண் என்று மூன்று வரிசை. முட்டையிட்ட நாளிலிருந்து முழுத் தேனீயாக வெளிவர 16, 21, 24 நாட்கள். இதில் இரண்டு எண்கள் கொடுத்திருந்தார்கள், வேலைக்காரத் தேனீயின் கட்டம் காலி. நான் காலிக் கட்டத்தைப் பார்க்கவில்லை, நிரம்பிய இரண்டு கட்டங்களைத்தான் பத்தியில் தேடினேன். 16ஐயும் 24ஐயும் கண்டுபிடித்தால் 21 பக்கத்திலேயே இருக்கும். எண் என்பதால் கண் சட்டென்று பிடிக்கும்.

தஞ்சை_நர்ஸ்
ரஹீம் அண்ணா, அந்தக் கட்டத்தில்தான் எங்களுக்கு இன்னொரு சண்டை. தலைப்பில் 'நாட்கள்' என்று ஏற்கெனவே இருக்கிறது. 'ஒரு சொல் மற்றும்/அல்லது ஓர் எண்' என்பது வரம்பு. நாங்கள் இருவர் '21 டேஸ்' என்று எழுதினோம். வரம்பு தாண்டவில்லை. ஏற்பார்களா?

திருச்சி_ரஹீம்
நான் வெறும் எண்ணைத்தான் போட்டேன், அதனால் தெரியாதும்மா. ஆனால் பயிற்சிப் புத்தக விடைகளில் சில சொற்களை அடைப்புக்குள் போட்டிருப்பார்கள், எழுதினாலும் விட்டாலும் சரி என்று அர்த்தம்.

கோவை_பயிற்சி
நான் 21 என்று மட்டும் எழுதச் சொல்வேன். தலைப்பு சொன்னதைக் கட்டத்தில் மறுபடி சொல்லத் தேவையில்லை. '21 டேஸ்' எழுதினால் வெட்டுவார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அது அந்தத் தேர்வின் விடைக்குறிப்பில் இருக்கும், அதை நாம் பார்ப்பதில்லை.

தஞ்சை_நர்ஸ்
எங்கள் புத்தகத்தில் அடைப்பு எதுவும் இல்லாமல் 21 என்று மட்டும் இருக்கிறது சார். நாளைக்குக் குழுவில் இதைப் படித்துக் காட்டுகிறேன். கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் யாராவது இருந்தால், பத்தியில் சொல்லைக் குறித்துவைத்து விடைக் கட்டத்தில் தட்டச்சு செய்வது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.