வீடியோ மூலையில நிக்கிற லோகோவுக்கு என்ன சொல்லலாம்?

ஆரணியிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். இங்க பட்டுச்சேலை கடைக்காரங்களுக்கு வீடியோ பண்ணித் தரேன், மூலையில மங்கலா வைக்கிற லோகோவ 'நீர்க்குறி'ன்னா கடைக்காரரு ரூபா நோட்டுல இருக்குறதான்னு கேக்கறாரு. 'ஓரமுத்திரை' சரியா வருமா?

குடியாத்தம் அண்ணன்:
ஓரம் எப்பவும் ஒரே ஓரமா இருக்காதே தம்பி. படுக்கை வீடியோல வலது மேல் மூலையில வெச்சா சரி. அதையே ஷார்ட்ஸ்ல கீழ் வலதுல வெச்சா லைக், கமெண்ட் பட்டன் மூடிடும். முக்கியம் அது படத்தோட பதிஞ்சு போறதுதான், அதனால 'பதிமுத்திரை'ங்கறேன்.

வாலாஜாலேர்ந்து:
யூட்யூப் ஸ்டுடியோல 150 x 150 படம் ஒன்னு ஏத்துனா போதுமே, எல்லா வீடியோவுலயும் தானா வந்துடும், இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?

குடியாத்தம் அண்ணன்:
அது ப்ளேயர் மேல காட்டுற சப்ஸ்கிரைப் பட்டன்ங்க, ஃபைல்ல இருக்காது, வாட்ஸ்அப்ல அதே வீடியோவ அனுப்பினா லோகோ வராது. அதனாலதான் 'பதி'ங்கற சொல் வேணும்.

ஆரணி தம்பி, உங்க லோகோ வெள்ளையா? வெள்ளை லோகோவ ஜரிகை பளபளக்குற முந்தானை மேல 30 சதவீத அடர்த்தில வெச்சா காணாமப் போயிடும், அடர்த்திய ஏத்தினா துணியோட வேலைப்பாட்ட மறைக்கும். எழுத்துக்குப் பின்னாடி மெல்லிசா கருப்பு நிழல் குடுத்து பிஎன்ஜியாவே சேமிங்க. ஜேபிஜின்னா பின்னணி ஒளிபுகாது, வெள்ளைக் கட்டம் வந்து நிக்கும். அப்புறம் கையால நகத்தி வைக்காதீங்க, ஒவ்வொரு வீடியோல ஒவ்வொரு இடத்துல இருக்கும். நான் இந்த ffmpeg கட்டளையத்தான் ஓட்டுவேன், அகலம் உயரம் ரெண்டுலயும் 5 சதவீதம் இடம் விடும், அதாவது 1920 x 1080ல வலப்பக்கம் 96, மேல 54 பிக்சல்:

```
ffmpeg -i in.mp4 -i logo.png -filter_complex "overlay=W-w-W*0.05:H*0.05" -c:a copy out.mp4
```

லோகோ அளவு மட்டும் இதுல மாறாது, 4கே வீடியோவுக்கு தனியா பெரிய பிஎன்ஜி வேணும்.

ஆரணியிலிருந்து:
நிழல் குடுத்துப் பாத்தேன் அண்ணா, அரக்கு சேலையிலயும் சந்தன நிறத்துலயும் தெரியுது. இன்ட்ரோல வேற சிக்கல், என் கம்ப்யூட்டர்ல கடைப் பேர் சரியா இருக்கு, கடைப் பையன் லேப்டாப்புல ப்ராஜெக்ட்ட தொறந்தா எழுத்துரு மாறிப் போயிடுது.

குடியாத்தம் அண்ணன்:
அவருகிட்ட அந்த ஃபான்ட் இல்ல, அதான் வேறத போட்டுக்குது. தமிழ்ப் பேர டெக்ஸ்டா விடாதீங்க, படமாக்கி வெச்சுட்டு 3 செகண்ட் இன்ட்ரோவ ஒருதரம் ரெண்டர் பண்ணி ஃபைலாவே குடுங்க. அரக்கு நிறத்தையும் கண்ணளவுல எடுக்காம #8B1A2B மாதிரி ஒரு எண்ணா எழுதி வெச்சுக்கோங்க, பையன் அதையே போடுவாரு.

வாலாஜாலேர்ந்து:
சரி, பதிமுத்திரை புரியுது. ஆனா அந்த 3 செகண்டுக்கு? 'முகப்பு'ன்னா வெப்சைட் ஞாபகம் வருது.

ஆரணியிலிருந்து:
'முன்துணுக்கு'ன்னு கடைக்காரரு கிட்ட சொல்லிப் பாக்கறேன், அவரு வாயில வருதான்னு தெரிஞ்சா எழுதறேன்.